உடந்தையாக நின்ற நாடும் பதில் சொல்ல வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தப்பு செய்தது வேறு நாடு. கொஞ்சம் உதவி மட்டும் செய்த நாட்டுக்கும் பொறுப்பு வருமா?

வரும். எதற்குப் பொறுப்பு என்பதைத்தான் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-இல் அரசுகளின் பொறுப்பு பற்றி 59 விதிகள் கொண்ட ஒரு தொகுப்பை ஏற்றது. இது நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க நீதிமன்றங்கள் எடுத்துப் பார்ப்பது இதைத்தான். இதன் 16-ஆவது விதிதான் உடந்தை பற்றியது. ஒரு நாடு சட்டத்தை மீறும்போது இன்னொரு நாடு அதற்கு உதவினால், இரண்டு நிபந்தனைகள் பொருந்தினால் உதவிய நாடும் பொறுப்பாகும். முதலாவது, என்ன நடக்கிறது என்பது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். இரண்டாவது, அதே செயலை உதவிய நாடே செய்திருந்தால் அதற்கும் அது சட்டமீறலாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. உதவிய நாடு முழுக் குற்றத்தையும் தலையில் சுமப்பதில்லை. அது தன் உதவிக்குத்தான் பதில் சொல்கிறது. இன்னொரு நாட்டைத் தன் கட்டுப்பாட்டில் வைத்து ஏவியவர்களுக்கு 17-ஆவது விதியும், மிரட்டிச் செய்ய வைத்தவர்களுக்கு 18-ஆவது விதியும் தனியாக இருக்கின்றன. அவர்கள் முழுச் செயலுக்கும் பொறுப்பு. உதவியவர் நிலை அப்படி இல்லை.

இப்படிப் பொதுவாகச் சொன்னால் பிடிபடவில்லை. உண்மையில் நடந்த ஒன்றை வைத்து விளக்க முடியுமா?

போலந்தை எடுத்துக்கொள்வோம். நான் இந்தப் பாடத்தை யாருக்கு விளக்கினாலும் அங்கேதான் தொடங்குவேன்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவின் சி.ஐ.ஏ., சந்தேகப்பட்டவர்களைப் பிடித்து வெளிநாடுகளில் ரகசியச் சிறைகளில் வைத்தது. எந்த நீதிமன்றத்துக்கும் தெரியாமல், குடும்பத்துக்கும் தெரியாமல். அதில் ஒரு சிறை போலந்தின் வடகிழக்கில் ஸ்டாரே கெய்குட்டி என்ற கிராமத்தில், போலந்து உளவுத்துறையின் பயிற்சி வளாகத்துக்குள் இருந்தது. பக்கத்தில் ஷிமானி என்ற சின்ன விமான நிலையம்.

2002 டிசம்பர் 5-ஆம் தேதி தாய்லாந்திலிருந்து துபாய் வழியாக ஒரு சின்ன ஜெட் விமானம் ஷிமானியில் இறங்கியது. அதில் இரண்டு கைதிகள். ஒருவர் அப்துல் ரஹீம் அல் நஷிரி, 2000-இல் ஏமனில் அமெரிக்கப் போர்க்கப்பல் கோல் மீது நடந்த குண்டுவெடிப்பில் சந்தேகிக்கப்பட்ட சவூதி நாட்டவர். மற்றவர் அபு ஸுபைதா என்று அறியப்படும் பாலஸ்தீனர். அல் நஷிரியின் தலைக்குப் பக்கத்தில் துப்பாக்கியைப் பிடித்து மிரட்டியதும், துணியால் முகத்தை மூடி நிர்வாணமாக நிற்க வைத்து மின்துளைக் கருவியை ஓடவிட்டதும் போலந்தில் இருந்த நாட்களில்தான். இது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு அல்ல. சி.ஐ.ஏ.வின் சொந்தத் தணிக்கை அதிகாரி 2004-இல் எழுதிய அறிக்கையிலேயே இருக்கிறது.

சித்திரவதை செய்தவர்கள் அமெரிக்கர்கள். அந்த அறைக்குள் போலந்துக்காரர் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. இடம் கொடுத்தது, விமானத்தை இறங்கவிட்டது, வண்டியைப் போகவிட்டது, காவல் நின்றது: போலந்தின் பங்கு இவ்வளவுதான். ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014 ஜூலை 24-இல் தீர்ப்பு சொன்னது. போலந்து பொறுப்பு. இருவருக்கும் தலா 1 லட்சம் யூரோ இழப்பீடு.

போலந்து எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே. அப்புறம் எப்படித் தெரிந்தே செய்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தது?

ஒரு அரசின் மனதுக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் நீதிமன்றம் ஓடுபாதையைப் பார்த்தது.

ஷிமானி பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் விமான நிலையம். அங்கே கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் வந்து இறங்குவதே ஊருக்குப் புதுசு. அந்த விமானங்கள் வரும்போது என்ன நடந்தது என்று அங்கே பொறுப்பில் இருந்தவர்கள் ஐரோப்பிய விசாரணைக் குழுக்களிடம் சொல்லியிருக்கிறார்கள். விமானம் வருகிறது என்று எல்லைக் காவல் தலைமையகத்திலிருந்து முன்கூட்டியே தகவல் வரும். விமானம் முனையக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வராது, ஓடுபாதையின் கடைசியில் போய் நிற்கும். விமான நிலைய ஊழியர்கள் பக்கத்தில் போகக் கூடாது. கண்ணாடி கறுத்த வேன்கள் போய் விமானத்தின் அருகே நிற்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பி, உளவுப் பயிற்சி வளாகம் இருக்கும் திசையில் போய்விடும். வழக்கமான சுங்கச் சோதனை கிடையாது. இறங்கு கட்டணமோ வழக்கத்தைவிட அதிகமாகச் செலுத்தப்பட்டது.

அடுத்தது பயணத் திட்டம். ஒவ்வொரு விமானமும் எங்கிருந்து எங்கே போகிறது என்று வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2002 டிசம்பர் விமானம் வியன்னா போவதாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தது. இறங்கியது ஷிமானியில். ஐரோப்பிய வான்வெளியில் பறக்கும் விமானம் எழுதிய இடத்தை விட்டு வேறு நாட்டில் இறங்க, அந்த நாட்டுக் கட்டுப்பாட்டு நிலையம் கூட இருந்து வழிகாட்டினால்தான் முடியும். போலந்தின் வான்போக்குவரத்து அமைப்பு வழிகாட்டியது. பொய்யான திட்டத்தை மூடி மறைக்கவும் ஒத்துழைத்தது. எனக்கு இந்த வழக்கில் மிகக் கனமான சான்றாகப் படுவது இதுதான். கேள்வி கேட்காமல் இருந்ததை அசட்டை என்று சொல்லலாம். பொய் ஆவணத்துக்கு ஒத்துழைத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

மூன்றாவதாக, அந்தக் காலத்தில் ஊருக்கே என்ன தெரிந்திருந்தது என்று நீதிமன்றம் பார்த்தது. சி.ஐ.ஏ. கைதிகளைக் கடுமையாக நடத்துகிறது என்று 2002 டிசம்பர் கடைசியிலேயே வாஷிங்டன் போஸ்ட் விரிவாக எழுதிவிட்டது. பத்திரிகை வாசகருக்குத் தெரிந்தது ஒரு உளவுத்துறைக்குத் தெரியாது என்று யார் நம்புவார்கள்?

கடைசியாக, போலந்து அரசின் நடத்தை. நீதிமன்றம் ஆவணங்களைக் கேட்டது. ரகசியத்தைக் காக்கவும் வழி செய்து தருவதாகச் சொன்னது. போலந்து தரவில்லை. இப்படி மறைத்தால், மறைத்தவருக்கு எதிராக ஊகம் செய்ய நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு. ஆவணம் தராததையே தனி மீறலாகவும் தீர்ப்பில் எழுதினார்கள்.

சிறை இருப்பது தெரியும், உள்ளே சித்திரவதை நடப்பது தெரியாது என்று சொன்னால் தப்பிக்க முடியாதா?

ஏறக்குறைய இதே வார்த்தைகளைப் போலந்தின் முன்னாள் அதிபர் அலெக்சாண்டர் க்வாஸ்னியெவ்ஸ்கி 2014 டிசம்பரில் சொன்னார். அமெரிக்க செனட் குழுவின் சித்திரவதை அறிக்கை வெளியான மறுநாள் அது. அந்த இடத்தை அமெரிக்காவுக்குக் கொடுத்ததை முதல் முறையாக ஒப்புக்கொண்டார். உள்ளே நடந்தது தங்களுக்குத் தெரியாது என்றார். கைதிகளை மனிதாபிமானத்தோடு நடத்துவோம் என்று ஒரு குறிப்பில் கையெழுத்துக் கேட்டதாகவும், அமெரிக்கர்கள் கையெழுத்துப் போடவில்லை என்றும் சொன்னார்.

அந்தக் கையெழுத்துப் போடாத தாளை நினைத்துப் பாருங்கள். நல்ல முறையில் நடத்துவோம் என்று எழுதித் தரச் சொன்னீர்கள், அவர்கள் மறுத்தார்கள், அதன் பிறகும் இடத்தைக் கொடுத்தீர்கள். இது தெரியாது என்பதற்குச் சான்றா, சந்தேகம் இருந்தது என்பதற்குச் சான்றா? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

நீதிமன்றம் இதில் அளந்து பேசியது. விசாரணை அறைக்குள் சரியாக என்ன நடந்தது என்பது போலந்து அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, விசாரணை முழுக்க சி.ஐ.ஏ. கையில் இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் திட்டத்தின் தன்மையும் நோக்கமும் போலந்துக்குத் தெரியும். இப்படி ஆட்களை ஒப்படைத்தால் சித்திரவதைக்கு ஆளாகும் கடும் அபாயம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதுவே போதும் என்றது. ஒவ்வொரு அடியும் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் 'தெரிந்தால்' போதும். கெட்ட நோக்கம் இருக்க வேண்டியதில்லை, சரிதானே?

சட்ட அறிஞர்கள் இன்னும் சண்டை போடும் இடம் இது. 16-ஆவது விதியைப் படித்தால் 'தெரிந்து' என்றுதான் இருக்கிறது. அதே ஆணையம் எழுதிய விளக்கவுரையைப் படித்தால், அந்தச் செயல் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு உதவியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. விதி ஒன்று சொல்கிறது, விளக்கம் அதைவிடக் கூடுதலாக ஒன்று கேட்கிறது.

இந்த வித்தியாசம் நடைமுறையில் பெரியது. நோக்கம் வேண்டும் என்றால், உதவிய எந்த நாடும் எங்கள் நோக்கம் பாதுகாப்பு, வணிகம், நட்பு என்று சொல்லி நழுவிவிடும். யாரும் சித்திரவதை நடக்கட்டும் என்று விமான நிலையத்தைத் திறந்து விடுவதில்லை. அதனால் பலரும் நடுவழியாக ஒன்றைச் சொல்கிறார்கள்: இதன் விளைவு இதுதான் என்று ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்தும் உதவினால், அதையே நோக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கும் இதுதான் நியாயமாகப் படுகிறது.

அளவுகோலை உயர்த்தினால் என்ன ஆகும் என்பதை போஸ்னியா வழக்கில் பார்க்கலாம். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் போஸ்னிய செர்பியப் படை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. அந்தப் படைக்குப் பல ஆண்டுகளாகப் பணமும் ஆயுதமும் கொடுத்தது செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இருந்த அரசு. 2007 பிப்ரவரி 26-இல் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம், 16-ஆவது விதி எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமே என்று முதல் முறையாகச் சொன்னது. அதே தீர்ப்பில், இனப்படுகொலை செய்ய முடிவெடுத்துவிட்டார்கள் என்பது பெல்கிரேடுக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகும் உதவி போனது என்று ஐயமற நிறுவப்படவில்லை, எனவே உடந்தை என்று சொல்ல முடியாது என்றது. செர்பியா தப்பிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. படுகொலை நடக்கும் கடும் அபாயம் தெரிந்தும் தடுக்க எதுவும் செய்யவில்லை என்பதற்காகப் பொறுப்பாக்கப்பட்டது. உடந்தைக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். தடுக்கும் கடமைக்கு அபாயம் தெரிந்தாலே போதும்.

அப்போ போலந்தை 16-ஆவது விதியின் கீழ்தான் பிடித்தார்களா?

இல்லை. இணையத்தில் இந்த வழக்கை எழுதுகிறவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 16-ஆவது விதியை எடுத்துக் காட்டியது, ஆனால் அதன் மேல் தீர்ப்பைக் கட்டவில்லை. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தப்படி, தன் மண்ணில் இருக்கும் ஒவ்வொருவரையும் சித்திரவதையிலிருந்து காப்பது அந்தந்த நாட்டின் சொந்தக் கடமை. அந்நிய நாட்டு ஆட்கள் தன் மண்ணில் செய்வதற்கு மௌனமாகச் சம்மதித்தாலோ கண்டும் காணாமல் இருந்தாலோ, அந்தக் கடமையையே மீறியதாகும். ஆக போலந்து பதில் சொன்னது, அமெரிக்காவின் தப்புக்கு உதவியதற்காக அல்ல. தன் கடமையைத் தானே மீறியதற்காக.

முடிவு ஒன்றுதானே, எந்தக் கதவு வழியாகப் போனால் என்ன என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. உடந்தை என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அமெரிக்கா சட்டத்தை மீறியது என்று தீர்ப்பில் நிறுவ வேண்டும். சொந்தக் கடமை என்றால் அந்தத் தேவை இல்லை. வழக்கறிஞராக ஒருவர் என்னிடம் இப்படி ஒரு வழக்கோடு வந்தால், முதலில் சொந்தக் கடமையைத்தான் தேடச் சொல்வேன். உடந்தை இரண்டாவது வாதமாக இருக்கட்டும்.

வான்வழியாகப் பறக்க அனுமதி கொடுத்தால்கூட உதவிதானா? எவ்வளவு உதவி செய்தால் பொறுப்பு வரும்?

உதவி இல்லாவிட்டால் அந்தச் செயலே நடந்திருக்காது என்று காட்ட வேண்டியதில்லை. அது நடக்கக் குறிப்பிடத்தக்க அளவு பயன்பட்டிருந்தால் போதும். எங்கோ தூரத்தில் தொட்டும் தொடாமலும் இருக்கும் தொடர்பு சேராது.

விமானத் தளமும் வான்வழியும் சேரும். 1986 ஏப்ரலில் அமெரிக்கா லிபியா மீது குண்டு வீசியபோது சில விமானங்கள் பிரிட்டனில் உள்ள தளங்களிலிருந்து கிளம்பின. பிரிட்டனும் பொறுப்பு என்று லிபியா சொன்னது. பிரான்ஸும் ஸ்பெயினும் தங்கள் வானில் பறக்க அனுமதி தரவில்லை. அந்த விமானங்கள் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு கடல் மேலாகப் போய்த் திரும்பின.

தெரியாமல் அனுமதி கொடுத்தால் உடந்தை இல்லை. ஆனால் தெரியாது என்பதற்கும் ஒரு ஆயுள் உண்டு. இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசம் இருக்கும் டியேகோ கார்சியாவை எந்தக் கைதி விமானமும் பயன்படுத்தவில்லை என்று அமெரிக்கா உறுதி கொடுத்திருந்தது, பிரிட்டனும் தன் நாடாளுமன்றத்தில் அதையே சொல்லி வந்தது. 2008 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் எழுந்து, 2002-இல் இரண்டு விமானங்கள் அங்கே நின்று போயிருக்கின்றன, முன்பு சொன்னது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். அந்த நாளுக்குப் பிறகு வாய்வார்த்தை உறுதியை நம்பினோம் என்று இன்னொரு முறை சொல்வது கடினம்.

முக்கியக் குற்றவாளி அமெரிக்கா. அதைக் கூண்டில் நிறுத்தாமல் உதவியவரை மட்டும் எப்படி விசாரிக்கிறார்கள்?

எந்த நீதிமன்றம் என்பதைப் பொறுத்தது.

ஸ்ட்ராஸ்பூர்கில் பிரச்சினை இல்லை. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் இல்லை, அதனால் அந்த நீதிமன்றத்தின் முன் வரவும் முடியாது. போலந்தின் கடமையை மட்டும் பார்த்தார்கள்.

ஹேக்கில் பெரிய தடை ஒன்று இருக்கிறது. சம்மதம் தராத நாட்டைச் சர்வதேச நீதிமன்றம் விசாரிக்க முடியாது. வழக்கில் இல்லாத ஒரு நாடு தப்பு செய்ததா என்பதை முதலில் முடிவு செய்தால்தான் வழக்கைத் தீர்க்க முடியும் என்றால், வழக்கையே எடுக்காது. ரோமிலிருந்து ஜெர்மானியர் கொண்டுபோன அல்பேனியத் தங்கம் பற்றிய 1954 வழக்கில் பிறந்த கொள்கை இது. 1995-இல் போர்ச்சுகல் இதில்தான் மாட்டியது. கிழக்குத் தைமூரின் கடல் எண்ணெய் பற்றி இந்தோனேசியாவோடு ஒப்பந்தம் போட்டதற்காக ஆஸ்திரேலியா மீது அது வழக்குப் போட்டது. கிழக்குத் தைமூரை இந்தோனேசியா பிடித்தது சட்டப்படியா என்பதைப் பார்க்காமல் ஆஸ்திரேலியாவைப் பற்றிப் பேச முடியாது, இந்தோனேசியாவோ இங்கே இல்லை என்று நீதிமன்றம் கையை விரித்தது.

உடந்தை வழக்குக்கு இது கிட்டத்தட்ட பூட்டு மாதிரி. உடந்தை என்றாலே முதல் ஆள் தப்பு செய்திருக்க வேண்டும். முதல் ஆள் இல்லையென்றால் உடந்தையை விசாரிக்க வழியில்லை. 16-ஆவது விதியை எல்லோரும் பேசுகிறார்கள், அதன்படி ஒரு நாட்டைப் பிடிக்கும் தீர்ப்பு ஹேக்கிலிருந்து வருவதில்லை என்பதற்கு இது பெரிய காரணம்.

அமெரிக்காவின் சொந்த நீதிமன்றங்களும் உதவவில்லை. மாசிடோனியாவில் ஆள் மாறாட்டத்தில் பிடிக்கப்பட்டு ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெர்மன் குடிமகன் காலித் எல்-மஸ்ரியின் வழக்கை அரசு ரகசியம் என்ற காரணத்தால் தள்ளினார்கள். 2007-இல் உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்தது. போலந்தில் நடந்தது பற்றி விசாரணையாளர்கள் இருவரைச் சாட்சி சொல்ல வைக்க அபு ஸுபைதா கேட்டதையும் 2022 மார்ச்சில் அதே காரணத்தால் நிராகரித்தார்கள். அதனால்தான் உதவிய சின்ன நாடுகள் மீது போட்ட வழக்குகள் இவ்வளவு முக்கியமாகின.

பல நாடுகள் சேர்ந்து ஒரே தப்பைச் செய்தால் ஒன்றை மட்டும் பிடிக்கலாமா? இழப்பீட்டை எப்படிப் பிரிப்பார்கள்?

பிடிக்கலாம். பசிபிக்கில் இருக்கும் நவ்ரூ அதைச் செய்து காட்டியது.

நவ்ரூ மொத்தமே சுமார் 21 சதுர கிலோமீட்டர். அந்தத் தீவை ஐ.நா. பொறுப்பாட்சியின் கீழ் ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து நிர்வகித்தன. நடைமுறையில் ஆஸ்திரேலியாதான் எல்லாம் பார்த்தது. உரத்துக்காக பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்து, நடுத்தீவை நடக்கக்கூட முடியாத சுண்ணாம்புக்கல் முட்களாக விட்டுப் போனார்கள். 1968-இல் விடுதலை பெற்ற நவ்ரூ 1989-இல் ஆஸ்திரேலியா மீது மட்டும் வழக்குப் போட்டது. மூவரும் சேர்ந்துதானே செய்தோம், மற்ற இருவர் இல்லாமல் என்னை மட்டும் எப்படி விசாரிக்கலாம் என்றது ஆஸ்திரேலியா.

1992 ஜூன் 26-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மற்ற இருவருக்கும் பொறுப்பு உண்டா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் ஆஸ்திரேலியாவின் பொறுப்பைப் பார்க்க முடியும் என்றது. தைமூர் வழக்கோடு வைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். ஆஸ்திரேலியாவைப் பற்றி முடிவு சொன்னால் மற்ற இருவருக்கும் சங்கடம் வரலாம், ஆனால் அவர்கள் மீதான முடிவு முதல் படியாகத் தேவைப்படவில்லை. தைமூரில் தேவைப்பட்டது.

தீர்ப்பு வரை போகவில்லை. 1993-இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. வழக்கில் இல்லாத பிரிட்டனும் நியூசிலாந்தும் தலா 1.2 கோடியை ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்தன. ஆணையத்தின் 47-ஆவது விதியும் இதைத்தான் சொல்கிறது. ஒரே சட்டமீறலுக்குப் பலர் பொறுப்பு என்றால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் இழந்ததற்கு மேல் வாங்கக் கூடாது. தங்களுக்குள் கணக்குத் தீர்ப்பது அவர்கள் பாடு. பங்கு சதவீதம் போடும் சூத்திரம் எதுவும் சட்டத்தில் இல்லை.

அல் நஷிரியின் நிலை வேறு. அவர் போலந்திலிருந்து பல இடங்களுக்கு மாற்றப்பட்டு, ருமேனியாவிலும் ரகசியச் சிறையில் இருந்தார். 2018 மே 31-இல் ருமேனியாவுக்கு எதிராகவும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, அங்கேயும் 1 லட்சம் யூரோ. இது ஒரே தப்பை இருவர் பங்கு போட்டது இல்லை. ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் நடந்ததற்கும், அங்கிருந்து அடுத்த இடத்துக்கு அனுப்பியதற்கும் தனியாகப் பதில் சொன்னது.

ஆயுதம் விற்பதும் இதில் வருமா?

வரும். ஆனால் நிறுவுவது கடினம், ஏனென்றால் எந்த ஆயுதம் எந்தச் செயலுக்குப் போனது என்று காட்ட வேண்டியிருக்கும். காஸா போரில் இஸ்ரேலுக்கு உதவியதாக நிகரகுவா ஜெர்மனி மீது ஹேக்கில் வழக்குப் போட்டது. 2024 ஏப்ரல் 30-இல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. வழக்கைத் தள்ளிவிடவும் இல்லை. போரில் இருப்பவர்களுக்கு ஆயுதம் அனுப்பும்போது அது சட்டமீறலுக்குப் பயன்படும் அபாயத்தைத் தவிர்க்கும் கடமை எல்லா நாடுகளுக்கும் உண்டு என்று நினைவூட்டியது.

இதில் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் யாரும் ஜெயிலுக்குப் போனார்களா?

நாட்டின் பொறுப்பு வேறு, ஆளின் குற்றம் வேறு. மேலே சொன்ன தீர்ப்புகள் யாரையும் சிறைக்கு அனுப்பாது. தனிமனிதரைப் பிடிக்க உள்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் வேண்டும். 2003-இல் மிலான் தெருவில் ஒரு இமாமைக் கடத்திய வழக்கில் இத்தாலி 2009-இல் 23 அமெரிக்கர்களைத் தண்டித்தது. ஆனால் அவர்கள் யாரும் நீதிமன்றத்தில் இல்லை. போலந்தில் 2008-இல் தொடங்கிய குற்றவிசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. அந்த இழுவையையே ஸ்ட்ராஸ்பூர்க் ஒரு மீறலாகக் கண்டது.

கடைசியில் பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது?

போலந்து 2015-இல் இழப்பீட்டைச் செலுத்தியது. பணம் மட்டும் இல்லை. அல் நஷிரிக்கு மரண தண்டனை விதிக்க மாட்டோம் என்ற உறுதியை அமெரிக்காவிடம் கேட்டுப் பெற முயல வேண்டும் என்றும் தீர்ப்பில் இருந்தது. மரண தண்டனை காத்திருக்கும் இடத்துக்கு அவரை அனுப்பியது போலந்துதானே, அந்த விளைவை நீக்கப் பாடுபடுவதும் அதன் கடமை. போலந்து கேட்டது. அமெரிக்கா மறுத்தது. ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று கண்காணித்தபடி மறுபடி மறுபடி கேட்கச் சொன்னது.

அல் நஷிரி 2006 செப்டம்பரில் கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவுக்குக் கொண்டுவரப்பட்டார். மரண தண்டனை கோரும் ராணுவ நீதிமன்ற வழக்கு அவர் மீது இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அந்த ராணுவ நீதிபதி, 2007-இல் அவர் கொடுத்த வாக்குமூலம் அதற்கு முந்தைய ஆண்டுகளின் சித்திரவதையால் விளைந்தது, அதை ஆதாரமாக ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தார். அந்த ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறு மாதம் ஸ்டாரே கெய்குட்டியில் கழிந்தது.